மூன்று மோட்டார்களும் என்கோடரின் மூன்று வேலைகளும்

சிறிய ரோபோ ஒன்றின் சக்கரத்துக்கு ஸ்டெப்பர் மோட்டாரா, பிரஷ் உள்ள டிசி மோட்டாரா, பிரஷ்லெஸ் மோட்டாரா என்ற கேள்வி எழும்போது, விலையையும் வேகத்தையும் முறுக்குவிசையையும் ஓர் அட்டவணையில் எழுதி ஒப்பிட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அச்சு எவ்வளவு சுழன்றது என்று அளக்கும் என்கோடர் அந்த அட்டவணையின் கடைசி வரியில், தேவைப்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற துணைப்பொருளாக நிற்கும். ஆனால் மூன்று மோட்டார்களிலும் என்கோடர் செய்வது ஒரே வேலை அல்ல. ஸ்டெப்பரில் அது, கட்டளையிட்டது உண்மையில் நடந்ததா என்று சரிபார்க்கிறது. பிரஷ் மோட்டாரில் சக்கரம் எவ்வளவு சுழன்றது என்பதை அறியவே அதைவிட்டால் நம்பகமான வழி இல்லை. பிரஷ்லெஸ் மோட்டாரிலோ எந்தச் சுருளுக்கு எந்தக் கணத்தில் மின்னோட்டம் போக வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது. எனவே எந்த என்கோடர், அதை எங்கே பொருத்துவது, அது எவ்வளவு விரைவாகப் பதில் தர வேண்டும் என்ற கேள்விகளையும் மோட்டாரோடு சேர்த்தே கேட்டாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக ஒரு குறிப்பிட்ட ரோபோவை எடுத்துக்கொள்வோம். எடை 3 கிலோ, 80 மி.மீ. விட்டமுள்ள இரண்டு இயக்கச் சக்கரங்கள். அவற்றுக்கு இடையே 200 மி.மீ. தூரம், முன்னால் எப்பக்கமும் திரும்பும் ஒரு சிறிய காஸ்டர் சக்கரம். கட்டடத்துக்குள் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், 10 பாகைச் சரிவில் ஏற வேண்டும், ஏறும்போதே ஒவ்வொரு நொடியிலும் வேகத்தை நொடிக்கு 1 மீட்டர் என்ற அளவில் கூட்டவும் முடிய வேண்டும். இதற்கு வேகம் கூட்ட 3 நியூட்டன், சரிவை ஏற 5.1 நியூட்டன், சக்கர உருளலின் தடைக்குச் சுமார் 0.9 நியூட்டன் என மொத்தம் 9 நியூட்டன் தேவைப்படுகிறது. ஒரு சக்கரத்துக்கு 4.5 நியூட்டன், அதை 0.04 மீட்டர் ஆரத்தால் பெருக்கினால் 0.18 நியூட்டன் மீட்டர். சக்கரம் நொடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் அரை மீட்டர் வேகம் வந்துவிடும்.

இதே ரோபோ சமதரையில் சீரான வேகத்தில் போகும்போது ஒரு சக்கரத்துக்குத் தேவைப்படுவது 0.018 நியூட்டன் மீட்டர் மட்டுமே, அதாவது உச்சத் தேவையில் பத்தில் ஒரு பங்கு. ரோபோ தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் சிறிய சுமையில்தான் கழிக்கும். பெரிய சுமை எப்போதாவதுதான் வரும். வரும் நேரம் முன்கூட்டித் தெரியாது. மூன்று மோட்டார்களும் பிரிந்து நிற்கும் முக்கியமான இடம் இதுவே.

## ஸ்டெப்பர்: சுமையை அறியாத மோட்டார்

முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் பரவலாகப் பயன்படும் நெமா 17 வகை ஸ்டெப்பர் ஒரு படிக்கு 1.8 பாகை, ஒரு சுற்றுக்கு 200 படி என்ற கணக்கில் சுழல்கிறது. அவற்றில் நடுத்தரமான ஒன்றின் நிறுத்து முறுக்குவிசை 0.4 நியூட்டன் மீட்டர், சுருளின் மின்னோட்டம் 1.5 ஆம்பியர், மின்தடை 1.6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நமக்குத் தேவை 0.18 என்பதால் இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த 0.4 என்ற எண் இரண்டு சுருள்களிலும் ஒரே நேரத்தில் முழு 1.5 ஆம்பியர் ஓடும்போது அளக்கப்பட்டது. ஒரு படியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஓட்டும் A4988 போன்ற மைக்ரோஸ்டெப் டிரைவரில் உச்ச அளவை 1.5 ஆம்பியராக வைத்தால், ஒரு சுருள் உச்சத்தில் இருக்கும்போது மற்றது சுழியத்தில் இருக்கும். ஆகவே உண்மையில் கிடைப்பது 0.4 ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது ஏறக்குறைய 0.28 நியூட்டன் மீட்டர்தான். கையிருப்பு ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. நொடிக்கு இரண்டு சுற்று என்ற மெதுவான வேகத்தில் முறுக்குவிசை அதிகம் குறையாது என்பதால் கியர் இல்லாமலே சக்கரத்தை ஸ்டெப்பரின் அச்சில் நேரடியாகப் பொருத்தலாம். அது உண்மையான வசதி. கியரின் தளர்ச்சியும் சத்தமும் அறவே இல்லை.

இந்த வசதிக்கான விலையைப் பேட்டரி கொடுக்கிறது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிரைவர் அதே மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு மோட்டாரிலும் 1.5 × 1.5 × 1.6, அதாவது 3.6 வாட் வெப்பமாகிறது, இரண்டிலும் 7.2 வாட். சமதரையில் ரோபோ செய்யும் இயந்திர வேலையோ அரை வாட்டுக்கும் குறைவு. 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் உள்ள சுமார் 24 வாட் மணி ஆற்றலை, ரோபோ நின்ற இடத்தில் நின்றபடியே மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இப்படிச் சூடாக்கியே தீர்த்துவிடலாம். TMC2209 போன்ற டிரைவர்கள் மோட்டார் நிற்கும்போது மின்னோட்டத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் என்பதால் இந்த விரயம் பாதிக்கும் கீழே போகும். ஆனால் ஓடும்போதும் சுமைக்கேற்பக் குறைக்க வேண்டுமானால், சுமை எவ்வளவு என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சுமை அளவை மீறும்போது நடப்பதைச் சற்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஸ்டெப்பரின் ரோட்டர், சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலத்துக்குச் சற்றுப் பின்தங்கியே எப்போதும் ஓடுகிறது. சுமை கூடக்கூடப் பின்தங்கல் கூடும். ஒரு முழுப் படி, அதாவது 1.8 பாகை பின்தங்கும்போது முறுக்குவிசை உச்சத்தை அடைகிறது. அதற்கு மேல் பின்தங்கினால் குறையத் தொடங்குகிறது. இரண்டு படி பின்தங்கும்போது சுழியமாகிறது. அதையும் தாண்டினால் ரோட்டரை அடுத்த காந்தச் சுழற்சி இழுத்துக்கொள்கிறது. ஒரு காந்தச் சுழற்சி என்பது நான்கு முழுப் படிகள். எனவே ஸ்டெப்பர் ஒரு படியைத் தவறவிடுவது என்பதில்லை. தவறவிட்டால் நான்காகத்தான், அதாவது 7.2 பாகையாகத்தான் தவறவிடும். நம் சக்கரத்தில் அது 5 மி.மீ. தூரம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஒரே ஒரு முறை இப்படி நழுவினால், 200 மி.மீ. இடைவெளியில் ரோபோவின் முகம் 1.4 பாகை திரும்பிவிடும். அதன் பிறகு 3 மீட்டர் நேராகப் போனதாக நினைத்துக்கொண்டு ரோபோ 75 மி.மீ. விலகி நிற்கும். கட்டுப்படுத்தும் நிரலுக்கோ ஒன்றுமே தெரியாது.

இந்த 7.2 பாகை, கோளாறைக் கண்டுபிடிக்க நல்ல தடயம். என்கோடர் காட்டும் பிழை 7.2 இன் மடங்குகளாகத் தாவினால் அது படி இழப்பு. போன தூரத்தோடு பிழையும் சீராக வளர்ந்தால் சக்கர விட்டத்தைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால் சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கும் சிறு திருகைத்தான் முதலில் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஸ்டெப்பரோடு என்கோடரைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் ஸ்டெப்பர் வழக்கம்போலவே ஓடும். பின்பக்க அச்சில் ஒட்டிய சிறிய காந்தத்தை AS5600 போன்ற சில்லு படித்து, கட்டளையிட்ட கோணத்துக்கும் உண்மைக் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும். வித்தியாசம் 1.8 பாகையை நெருங்கினால் வேகத்தைக் குறைப்பது, தாண்டி நழுவிவிட்டால் இழந்த படிகளைத் திரும்பச் சேர்ப்பது என்ற அளவோடு இது நின்றுவிடும். ஒரு சுற்றை 4096 பகுதிகளாகப் பிரிக்கும் அந்தச் சில்லுக்கு 1.8 பாகை என்பது 20 எண்ணிக்கை என்பதால், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாவது வழியில் ஸ்டெப்பரைப் படிப்படியாக ஓட்டுவதையே விட்டுவிட்டு, ரோட்டர் இப்போது இருக்கும் கோணத்துக்கு எப்போதும் ஒரு படி முன்னால் காந்தப்புலத்தை வைக்கிறோம். அப்போது மின்னோட்டத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கலாம், படி இழப்பு என்பதே இல்லாமல் போகும், மோட்டார் சூடாகாது. மெக்காடுயினோ என்ற திறந்த வன்பொருள் திட்டம் நெமா 17 மோட்டாரின் முதுகில் பொருத்திய சிறு பலகையைக் கொண்டு இதைச் செய்துகாட்டியது. இங்கேதான் என்கோடரின் துல்லியம் திடீரென்று முக்கியமாகிறது. ஸ்டெப்பரின் ரோட்டரில் 50 பற்கள் உள்ளதால் ஒரு சுற்றுக்கு 50 காந்தச் சுழற்சிகள். என்கோடரின் 1 பாகைப் பிழை சுருள்களின் கணக்கில் 50 பாகைப் பிழையாகப் பெருகிவிடும். AS5600 இன் தரவுத்தாள், காந்தம் சரியாக நடுவில் இருந்தாலும் 1 பாகை வரை பிழை வரலாம் என்கிறது. 50 பாகை தவறினால் முறுக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதனால் இந்த வழியைப் பின்பற்றுபவர்கள் மோட்டாரை முதலில் 200 படிகளிலும் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் என்கோடர் காட்டிய எண்ணைப் பதிவு செய்து, அந்தத் திருத்த அட்டவணையைக் கொண்டே பிறகு ஓட்டுகிறார்கள். சந்தையில் ‘குளோஸ்டு லூப் ஸ்டெப்பர்’ என்று விற்கப்படுவது இந்த இரண்டில் எந்த வகை என்பதை விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சும்மா நிற்கும்போது மோட்டார் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

## பிரஷ் மோட்டார்: எண்ணிக்கையால் ஆள வேண்டியது

சிறு ரோபோக்கள் புதிர்ப்பாதையில் வழி கண்டு ஓடும் மைக்ரோமவுஸ் போட்டிகளின் தொடக்க காலத்தில் ஸ்டெப்பர்களே அதிகம் ஓடின. இன்று அந்தப் போட்டிகளில் வெல்லும் சிறு ரோபோக்கள் அநேகமாக என்கோடர் பொருத்திய பிரஷ் மோட்டார்களில்தான் ஓடுகின்றன. எடைக்கு எடை பார்த்தால் கிடைக்கும் முடுக்கம் அதற்கு ஒரு காரணம். நம் ரோபோவுக்கோ வேறொரு காரணம் முதன்மையாகிறது: பிரஷ் மோட்டார் சுமைக்கு ஏற்ற மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

37 மி.மீ. விட்டமுள்ள 12 வோல்ட் கியர் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கியர் விகிதம் 1:50, சுமையில்லாமல் நிமிடத்துக்கு 200 சுற்று, அப்போது 0.2 ஆம்பியர், சுழலவிடாமல் பிடித்து நிறுத்தினால் 5.5 ஆம்பியரும் ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டரும். இதிலிருந்து ஓர் ஆம்பியருக்கு 0.39 நியூட்டன் மீட்டர் என்று வருகிறது. சரிவில் ஏறும் 0.18 நியூட்டன் மீட்டருக்குச் சுமார் 0.66 ஆம்பியர் ஆகும், சமதரையில் 0.25 ஆம்பியரே போதும். சமதரையில் இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஏறக்குறைய 3.6 வாட், அதாவது ஸ்டெப்பர்கள் வெப்பமாக்கியதில் பாதி. நிற்கும்போது ஒன்றுமே இல்லை. இந்த 3.6 வாட்டிலும் பெரும்பகுதி கியரின் உராய்விலேயே போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கியர் மோட்டார் ஒன்றும் அவ்வளவு சிக்கனமானது அல்ல.

இந்த மோட்டாருக்கு என்கோடர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மோட்டாரின் வேகம் அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தையும் சுமையையும் பொறுத்தது. பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டுக்கு இறங்கும்போது வேகமும் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கள்கூட ஒரே மின்னழுத்தத்தில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆகவே நேராகப் போகச் சொன்ன ரோபோ வளைந்து போகும். அந்த வளைவை ஒரு பக்கத்தின் அளவைச் சற்றுக் கூட்டிச் சரிசெய்தால், பேட்டரி இறங்கியதும் அல்லது மோட்டார் சூடானதும் அது திரும்ப வந்துவிடும்.

இவ்வகை மோட்டார்களின் முதுகில் வரும், காந்தத்தை உணர்ந்து எண்ணும் ஹால் என்கோடர் மோட்டார் அச்சின் ஒரு சுற்றுக்கு 64 எண்ணிக்கை தருவதாகக் கொண்டால், 50 மடங்கு கியருக்குப் பிறகு சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 3200 எண்ணிக்கை கிடைக்கும். ஓர் எண்ணிக்கை 0.08 மி.மீ. பயணத்துக்குச் சமம். பெட்டியில் 1:30 என்றோ 1:50 என்றோ அச்சிட்டிருக்கும் விகிதம் பல நேரங்களில் முழு எண்ணாக்கப்பட்டதாக இருக்கும்; உண்மையான விகிதம் பின்னத்தில் இருக்கலாம். சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, வந்த எண்ணிக்கையைப் பத்தால் வகுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

0.08 மி.மீ. என்ற இந்த நுணுக்கத்தைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. என்கோடர் இருப்பது கியருக்கு முன்னால். சக்கரம் இருப்பது கியருக்குப் பின்னால். மலிவான கியர்ப் பெட்டியின் வெளி அச்சில் 2 பாகை தளர்ச்சி இருப்பது சாதாரணம். அது சக்கரத்தின் விளிம்பில் 1.4 மி.மீ. ரோபோ முன்னோக்கியே போய்க்கொண்டிருக்கும்வரை பற்கள் ஒரே பக்கமாக ஒட்டியிருப்பதால் இதன் பாதிப்பு தெரியாது. திசை மாறும் ஒவ்வொரு முறையும் மோட்டார் முதலில் இந்த இடைவெளியைக் கடந்து ஓடும். என்கோடர் அதையும் பயணமாக எண்ணிக்கொள்ளும். நின்ற இடத்தில் இடவலமாக ஆடி ஆடிச் சரியான திசையைத் தேடும் ரோபோக்களில் பலவற்றின் நோய் இதுதான். கட்டுப்பாட்டின் அளவுகளை எவ்வளவு மாற்றினாலும் அது தீராது. சக்கரத்தின் பக்கத்தில் தனியாக ஓர் என்கோடர் வைக்க வேண்டும். அல்லது திசை மாறும்போது அந்த 2 பாகையைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும்.

வேகத்தை அளப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டுப்பாட்டுச் சுற்று 10 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓடுவதாகக் கொள்வோம். அரை மீட்டர் வேகத்தில் அந்த இடைவெளியில் 64 எண்ணிக்கை விழும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வேகத்தில் 1.6 சதவீதமே மாறும். ரோபோ நொடிக்கு 2 சென்டிமீட்டர் என்று ஊரும்போதோ இரண்டு அல்லது மூன்று எண்ணிக்கைதான் விழும். நிரலின் கண்ணுக்கு வேகம் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு ஏறி இறங்குவதாகத் தெரியும். அதைத் திருத்தப் போய் மோட்டார் உறுமத் தொடங்கும். மெதுவான வேகத்தில் எண்ணிக்கையை எண்ணுவதை விட்டு, இரண்டு பல்ஸ்களுக்கு இடையே கழிந்த நேரத்தை அளந்து வேகத்தைப் பெற வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நொடிக்கு 12,800 பல்ஸ் விளிம்புகள் வருவதால், ஒவ்வொன்றுக்கும் இண்டரப்ட் எழுப்பினால் ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகை சமாளித்துவிடும் என்றாலும் அதன் நேரத்தில் கவனிக்கத்தக்க பங்கு போய்விடும். STM32 இன் டைமர்களிலும் ESP32 இன் பல்ஸ் எண்ணியிலும் இந்த வேலையை வன்பொருளே செய்துவிடுகிறது.

கட்டுப்பாடு எழுதுபவர்கள் பலர் எல்லாவற்றையும் பிழையைப் பார்த்துத் திருத்தும் பிஐடி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். அதைவிட, இந்த வேகத்துக்கு ஏறக்குறைய இவ்வளவு மின்னழுத்தம் தேவை என்று முதலிலேயே கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் திருத்தச் சொல்வது நன்றாக வேலை செய்யும்:

```c
float err = target - speed;
float ff  = kv * target;
if (target > 0) ff += ks;
if (target < 0) ff -= ks;
float u = ff + kp * err + integ;
if (fabsf(u) < 1.0f) integ += ki * err * dt;
```

இதில் `kv` வேகத்துக்கான பங்கு. `ks` நின்ற நிலையிலிருந்து கியரின் உராய்வை உடைக்கத் தேவையான பங்கு. `ks` இல்லாவிட்டால், ஊரும் வேகத்தில் சக்கரம் அசையாமல் நிற்கும். `integ` மெல்ல மெல்ல ஏறும். உராய்வு உடைந்ததும் சக்கரம் ஒரே தாவாகத் தாவும். பிறகு மறுபடி நிற்கும். கடைசி வரியின் நிபந்தனை, மோட்டாருக்கு முழு மின்னழுத்தமும் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும்போது `integ` வீணாக வளர்வதைத் தடுக்கிறது.

டிரைவரைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கல்லூரிப் புராஜெக்ட்களில் இன்றும் தவறாமல் இடம்பெறும் L298N, ஓர் ஆம்பியர் ஓடும்போதே 1.8 வோல்ட்டுக்குக் குறையாமல் தானே விழுங்கிவிடுகிறது. 11 வோல்ட் பேட்டரியில் அது பெரிய இழப்பு. மாஸ்ஃபெட் டிரைவர் எதை எடுத்தாலும் இதைவிட மேல். நின்றிருக்கும் மோட்டாருக்கு ஒரேயடியாக முழு மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு கணம் 5.5 ஆம்பியரும், முழு வேகத்தில் ஓடும்போது சட்டென்று திசை மாற்றினால் அதன் இருமடங்கை நெருங்கும் அளவும் பாயும். எனவே வேகக் கட்டளையைப் படிப்படியாகவே மாற்ற வேண்டும்.

பிரஷ்களின் தீப்பொறி எழுப்பும் மின் இரைச்சலும் இங்கே ஒரு தொல்லை. என்கோடரின் மெல்லிய கம்பிகள் மோட்டாரின் மின்கம்பிகளோடு ஒரே கட்டில் வருவதால் பொய்ப் பல்ஸ்கள் எழலாம். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சூடுவைத்துப் பொருத்துவதும், ஹால் வெளியீட்டுக்குச் சரியான புல்-அப் மின்தடை வைப்பதும் பெரும்பாலும் போதுமானவை.

## பிரஷ்லெஸ்: என்கோடர் தவறினால் மோட்டாரே இல்லை

டிரோன்களுக்கான 2212 அளவு மோட்டார் மலிவாகக் கிடைப்பதால் அதைச் சக்கரத்தில் பொருத்திப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 920 சுற்று என்று குறிக்கப்பட்ட மோட்டாரில் ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை 9.55 ஐ 920 ஆல் வகுத்தது, அதாவது 0.0104 நியூட்டன் மீட்டர். நமக்கு வேண்டிய 0.18 ஐ நேரடியாகப் பெற 17 ஆம்பியர் தேவை. விசிறியின் காற்றில் குளிர்வதற்காகச் செய்யப்பட்ட சிறு மோட்டார், நொடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றியபடி அதைத் தாங்காது. மேலும் டிரோனின் மோட்டாரை ஓட்டும் மின்சுற்றான ஈஎஸ்சி, ரோட்டர் எங்கே இருக்கிறது என்பதைச் சுழற்சியால் சுருளில் எழும் மின்னழுத்தத்தைக் கொண்டே ஊகிக்கிறது. சக்கரம் நிற்கும்போது அந்த மின்னழுத்தம் இல்லை. மெதுவாகச் சுற்றும்போது போதாது. சக்கரம் உதறி உதறித்தான் கிளம்பும்.

எனவே 1:10 அளவில் கியர் வைத்து, மோட்டாரின் அச்சில் கோண உணரியும் வைக்க வேண்டும். இப்போது 17 ஆம்பியர் 1.7 ஆகிவிடுகிறது. மோட்டார் நொடிக்கு 20 சுற்று. அதில் 7 காந்த இணைகள் இருப்பதால் நொடிக்கு 140 மின்சுழற்சிகள். உணரியின் 1 பாகைப் பிழை இங்கே 7 பாகையாகத்தான் பெருகும்; ஸ்டெப்பரின் 50 பாகையோடு ஒப்பிட்டால் அது பொருட்டே அல்ல, முறுக்குவிசையில் ஒரு சதவீதம்கூடக் குறையாது. ஆனால் இங்கே பிரச்சினை துல்லியத்தில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. AS5600 தன் இயல்பான அமைப்பில் இரைச்சலை வடிகட்டி முடிவான கோணத்தைத் தர 2.2 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நம் மோட்டாரின் மின்கோணம் 111 பாகை நகர்ந்துவிடுகிறது. 90 பாகையைத் தாண்டினாலே முறுக்குவிசை எதிர்த் திசைக்குத் திரும்பிவிடும். மெதுவாக அழகாகச் சுற்றும் மோட்டார் வேகம் கூட்டக்கூட வலுவிழந்து, ஒரு வேகத்துக்கு மேல் போகவே மறுத்து, மின்னோட்டத்தை மட்டும் அதிகமாக இழுத்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. வடிகட்டியை வேகமான அமைப்புக்கு மாற்றினால் தாமதம் 0.286 மில்லிநொடிக்கு இறங்கும். AS5047 போல எஸ்பிஐ வழியாகப் பேசும் உணரிகளில் இந்தத் தொல்லை இன்னும் குறைவு. AS5600 இன் ஐ2சி முகவரி `0x36` என்று நிலையாக இருப்பதால், இரண்டு சக்கரங்களின் உணரிகளை ஒரே கம்பி இணையில் அப்படியே மாட்டவும் முடியாது.

பிரஷ்லெஸ்ஸில் வேறு இரண்டு தவறுகளுக்கும் தெளிவான அடையாளம் உண்டு. காந்த இணைகளின் எண்ணிக்கையை நிரலில் தவறாகக் கொடுத்தால் மோட்டார் சிறிது தூரம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும், அல்லது முன்னும் பின்னுமாகத் துடிக்கும். தொடக்கக் கோணத்தை ஒத்திசைத்தது சற்றுப் பிசகியிருந்தால், மோட்டார் ஒரு திசையில் வேகமாகவும் மறு திசையில் மெதுவாகவும் ஓடும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு என்ன பலன்? முறுக்குவிசையை நேரடியாக, மிக வேகமாக ஆள முடிகிறது. எம்ஐடியின் மினி சீட்டா நாலுகால் ரோபோ 2019 இல் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டபோது அதன் மூட்டுகளில் இருந்தவை 6:1 கியரும் மோட்டார் அச்சில் என்கோடரும் கொண்ட பிரஷ்லெஸ் மோட்டார்களே. கியர் விகிதம் குறைவு என்பதால் தரையின் மோதல் கியரில் தேங்காமல் மோட்டார்வரை வந்து சேர்கிறது. மின்னோட்டத்தை அளந்தே அதை உணர முடிகிறது. காலுள்ள ரோபோவுக்கும் இரு சக்கரத்தில் நிமிர்ந்து நிற்கும் ரோபோவுக்கும் இது தேவை. தரையில் நிதானமாக உருளும் நம் 3 கிலோ ரோபோவுக்கு இந்த நன்மையைச் செலவிட இடமில்லை. ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று அரைப்பாலங்கள், மின்னோட்ட அளவி, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஓடும் கட்டுப்பாடு ஆகியவற்றை அதற்காகச் சுமப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஆகவே இந்த ரோபோவின் சக்கரங்களுக்கு என் தேர்வு கியரும் ஹால் என்கோடரும் கொண்ட பிரஷ் மோட்டார். அதன் மேல் ஒரு தூக்கு மேடையோ, பேனாவை ஏற்றி இறக்கும் அமைப்போ வைக்க வேண்டியிருந்தால் அதற்கு ஸ்டெப்பரையே எடுப்பேன். அங்கே சுமை முன்கூட்டியே தெரியும், தூரம் சிறியது, ஒவ்வொரு முறையும் ஒரு சுவிட்சைத் தொட்டுத் தொடக்க நிலையைச் சரிசெய்துகொள்ளலாம்.

## தரையில் விடும் முன்

எந்த மோட்டாரானாலும் என்கோடரின் எண்ணிக்கையை நம்பலாமா என்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ரோபோவை ஒரு கட்டையின் மேல் சக்கரங்கள் தரையில் படாதபடி உட்கார வைத்து, மோட்டாரின் பின் அச்சில் ஒரு கோடும் சக்கரத்தில் ஒரு கோடும் போட்டுக்கொள்ளவும். சக்கரத்தை நூறு சுற்று முன்னோக்கியும் பிறகு எண்ணிக்கை சுழியமாகும்வரை பின்னோக்கியும், இடையிடையே வேகமாகத் திசை மாற்றி ஓட்டவும். பின் அச்சின் கோடே பழைய இடத்துக்கு வரவில்லை என்றால் என்கோடர் பல்ஸ்களை இழந்திருக்கிறது அல்லது பொய்யாகச் சேர்த்திருக்கிறது. கம்பிகளையும் கெப்பாசிட்டரையும் பார்க்க வேண்டும். பின் அச்சின் கோடு சரியாக வந்து சக்கரத்தின் கோடு மட்டும் விலகியிருந்தால், விலகல் கியரின் தளர்ச்சி அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கவும். அதைவிட அதிகமானால் சக்கரம் அச்சில் வழுக்குகிறது. கட்டுப்பாட்டை இயக்கிய கணமே சக்கரம் முழு வேகத்தில் பிய்த்துக்கொண்டு ஓடினால் என்கோடரின் ஏ, பி கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. முதல் சோதனையைக் கட்டையின் மேல் செய்யச் சொல்வது இதற்காகவும்தான்.

இரண்டு கோடுகளும் சரியாக வந்த பிறகும், தரையில் விட்டால் ரோபோ தொடங்கிய இடத்துக்குத் திரும்பாமல் போகலாம். இயக்கச் சக்கரங்களின் மேல் ரோபோ எடையின் 70 சதவீதம் விழுகிறது, தரையின் உராய்வுக் கெழு 0.6 என்று கொண்டால், ஒரு சக்கரம் 0.25 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரையில் வழுக்கத் தொடங்கும். 2 நியூட்டன் மீட்டர் தரக்கூடிய கியர் மோட்டார் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். மேசைக்காலில் முட்டி நிற்கும் ரோபோவின் சக்கரங்கள் வழுக்கிச் சுற்ற, என்கோடர் அதை ஒழுங்காகப் பயணமாக எண்ணிக்கொண்டிருக்கும். மோட்டாரில் பொருத்திய எந்த என்கோடராலும் இதைக் காண முடியாது. ஒரு சிறு கைரோவைச் சேர்த்து, இரண்டு சக்கரங்களின் எண்ணிக்கை வித்தியாசம் சொல்லும் திரும்பு கோணத்தைக் கைரோ சொல்லும் கோணத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஒரு சக்கரம் மட்டும் வழுக்குவதைப் பிடித்துவிடலாம். இரண்டும் சமமாக வழுக்கினால் கோணம் மாறாது என்பதால் அது கைரோவுக்கும் தெரியாது. அப்போது மோட்டாரின் மின்னோட்டம் 0.8 ஆம்பியரைத் தாண்டி அப்படியே நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.